ஜூன் 10-க்கு முன்னும் பின்னும்: கம்பெனி திவாலானால் நூல் போட்டவர் எங்கே நிற்கிறார்

கேள்வி: பல்லடம் பக்கம் சின்னதா ஓ.இ. மில் வெச்சிருக்கோமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு நூல் போட்ட வகையில 38 லட்சம் வரோணும். ஜூன் 10-ம் தேதி அந்தக் கம்பெனி திவால்னு சென்னை என்.சி.எல்.டி.ல ஆர்டர் ஆயிருச்சுங்க. ரெண்டு செக் பவுன்ஸ்: 12 லட்சம் செக்குக்கு ஏப்ரல்லயே கேஸ் போட்டாச்சு, 9 லட்சம் செக் ஜூன் 2-ல திரும்புச்சு, 5-ம் தேதி நோட்டீஸ் அனுப்பினோம். அவுங்க குடோன்ல நம்ம நூல் 60 மூட்டை பிரிக்காமயே கெடக்குது. கட்டிங் வேஸ்ட் எடுத்த வகையில நாங்க அவுங்களுக்கு 5 லட்சம் தரோணும். இப்ப ஆர்.பி.ன்னு ஒருத்தர் வந்து தொடர்ந்து நூல் போடச் சொல்றாரு. எங்க பணம் வருமா? மூட்டையத் தூக்கிட்டு வரலாமா? நூல் போடலாமா?

பதில்:

முதலில் சுருக்கமாக. மூட்டையைத் தொடாதீர்கள். 12 லட்சம் செக் வழக்கைக் கம்பெனியின் மேல் நடத்த முடியாது, கையெழுத்துப் போட்ட டைரக்டர்கள் மேல் நடத்தலாம். 9 லட்சம் செக் பலவீனமாகிவிட்டது. பழைய பாக்கியில் பெரும் பகுதி வராது என்று எண்ணிக்கொண்டே, ‘படிவம் பி’யில் உரிமை கோரலைத் தவறாமல் கொடுங்கள். புதிதாக நூல் போடலாம். ஆனால் எந்தப் பெயரில், எந்தக் கணக்கில் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும் பிரிக்கும் கோடு அந்த ஜூன் 10. அதற்கு முந்தின நாள் வரை நீங்கள் போட்ட நூலுக்கான பணம் ஒரு வரிசையில் கிட்டத்தட்டக் கடைசியில் நிற்கிறது. அதற்குப் பிறகு முறையாகப் போடும் நூலுக்கான பணம் அதே வரிசையில் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறது. நூல் ஒன்றுதான், லாரி ஒன்றுதான். தேதிதான் வேறு.

நம் ஊரில் ‘மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்’, ‘ஐ.பி. போட்டுட்டான்’ என்று சொல்வது தனி ஆளும் பார்ட்னர்ஷிப் பட்டறையும் கோர்ட்டில் திவால் மனு போடுவதை. உங்கள் விஷயம் அது இல்லை. பிரைவேட் லிமிடெட், லிமிடெட், எல்.எல்.பி. ஆகியவற்றுக்கு 2016-ம் ஆண்டின் திவால் சட்டம்தான் பொருந்தும். வழக்கு என்.சி.எல்.டி. என்ற தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் நடக்கும். தமிழ்நாட்டில் பதிவான கம்பெனிகளுக்கு அது சென்னை அமர்வு. ஜூன் 10 அன்று நடந்ததும் கம்பெனி மூடப்பட்டதாக அர்த்தம் இல்லை. மனுவை ஏற்றுக்கொண்டு, கம்பெனியை வாங்க யாராவது வருகிறார்களா என்று பார்க்கும் தீர்வு நடவடிக்கையைத் தீர்ப்பாயம் தொடங்கிவைத்திருக்கிறது. டைரக்டர்கள் போர்டின் அதிகாரம் அன்றோடு நின்றுவிட்டது. கம்பெனியை நடத்துவது தீர்வு வல்லுநர், அதாவது நீங்கள் சொல்லும் ஆர்.பி. முடிவெடுப்பது வங்கிகளும் மற்ற நிதிக்கடன் கொடுத்தவர்களும் அடங்கிய கடன் கொடுத்தோர் குழு. இதற்குச் சட்டம் தரும் கெடு 180 நாள், நீட்டிப்பு 90 நாள், வழக்குகளில் போகும் நாளையும் சேர்த்து 330 நாள். நடைமுறையில் இதைத் தாண்டிப் போவது சகஜம். ஆள் வராவிட்டால் லிக்விடேஷன், அதாவது சொத்தை விற்றுப் பிரித்துக் கொடுத்துக் கம்பெனியை மூடுவது.

இந்தக் காலம் முழுதும் அமலில் இருப்பதுதான் சட்டத்தின் 14-வது பிரிவு சொல்லும் மொரட்டோரியம். கம்பெனியின் மேல் புது வழக்குப் போட முடியாது. நடக்கும் வழக்கைத் தொடர முடியாது. வாங்கிய டிக்ரியை நிறைவேற்ற முடியாது. வங்கியே ஆனாலும் அடமானச் சொத்தை ஏலம் விட முடியாது. இதன் நோக்கம் கம்பெனியைக் காப்பாற்றுவது மட்டும் இல்லை. முதலில் ஓடிவந்தவன் தறியைக் கழற்றிக்கொண்டு போனால் பின்னால் வருபவனுக்கு வெறும் சுவர்தான் மிஞ்சும். வாங்க வருபவனும் வர மாட்டான்.

குடோனில் இருக்கும் 60 மூட்டையைப் பார்ப்போம். பிரிக்காமல் உங்கள் மில் லேபிளோடு அப்படியே இருப்பதால் அது உங்களுடையது என்று மனசு சொல்லும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பில் போட்டு, இ-வே பில்லோடு சரக்கு போய், அவர்கள் கேட்டில் இறக்கி ரசீது போட்டார்கள். கடனுக்கு விற்றாலும் விற்பனை விற்பனைதான், உரிமை அன்றே மாறிவிட்டது. அதற்கும் மேல், கம்பெனிக்கு வங்கியில் கேஷ் கிரெடிட் இருந்தால், கையிருப்புச் சரக்கு முழுவதையும் ஈடாக எழுதிக்கொடுத்திருப்பார்கள். உங்கள் மூட்டை கேட்டைத் தாண்டியவுடனே வங்கியின் ஈட்டுக்குள் போய்விட்டது. செக்யூரிட்டியைச் சரிக்கட்டி ராத்திரி வண்டி விட்டு எடுத்துவந்தால், ஆர்.பி. தீர்ப்பாயத்தில் மனு போட்டுத் திரும்ப வாங்குவார். அதோடு, மொரட்டோரியத்தை மீறியதற்குத் தண்டனையும் உண்டு.

இரண்டு இடத்தில் மட்டும் நிலைமை வேறு. ஒன்று, ஜூன் 10 அன்று சரக்கு இன்னும் லாரி சர்வீஸின் கையில், வழியில் இருந்திருந்தால். வாங்குபவர் நொடித்துவிட்டால் பணம் வராத விற்பனையாளர் வழியிலேயே சரக்கை நிறுத்தி வைக்க 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் உரிமை தருகிறது. லாரி ஆபீசுக்கு உடனே எழுத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு, விற்காமல் ஜாப் ஒர்க்குக்காகக் கொடுத்த சரக்கு. நீங்கள் நிட்டிங்குக்கோ சாயத்துக்கோ டெலிவரி சலானில் அனுப்பிய உங்கள் சொந்த நூலும் துணியும் அவர்களிடம் இருந்தால், அது கம்பெனியின் சொத்துக் கணக்கில் சேராது. அதையும் நேராகப் போய்த் தூக்கக் கூடாது, ஏனென்றால் கம்பெனியின் வசம் இருக்கும் பொருளை உரிமையாளர் மீட்பதையும் 14-வது பிரிவு தடுக்கிறது. சலான், லாட் நம்பர், எடைச் சீட்டு இவற்றை வைத்து ஆர்.பி.யிடம் எழுதிக் கேட்க வேண்டும். மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சாயப்பட்டறை திவாலாகும்போது மாட்டிக்கொள்ளும் எக்ஸ்போர்ட்டர்களுக்கு இந்தச் சலான்தான் உயிர். சலான் போடாமல் போன் சொல்லில் துணி அனுப்பியவர்களால் எந்த ரோல் தங்களுடையது என்று காட்டவே முடிவதில்லை. உங்கள் 60 மூட்டை இரண்டிலும் சேராது.

அடுத்து செக். செக் பவுன்ஸுக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் போடும் வழக்கு கிரிமினல் வழக்குத்தானே, அதை மொரட்டோரியம் தடுக்குமா என்ற சந்தேகம் வெகுநாள் இருந்தது. மோகன்ராஜ் வழக்கில் 2021 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்தது. கம்பெனியின் மேல் அந்த வழக்கு நடக்காது, நிற்க வேண்டும். ஆனால் அப்போது பொறுப்பில் இருந்த டைரக்டர்களும் கையெழுத்துப் போட்டவரும் தனி மனிதர்கள், அவர்கள் மேல் வழக்குத் தொடரும். பின்னால் தீர்வுத் திட்டம் வந்து கம்பெனி புது முதலாளி கைக்குப் போனாலும் அவர்கள் பொறுப்பு தீராது என்று 2023-ல் இன்னொரு தீர்ப்பு சொன்னது.

ஆகவே ஏப்ரலில் போட்ட 12 லட்சம் வழக்கு உயிரோடுதான் இருக்கிறது. புகாரில் கம்பெனியை மட்டும் எதிரியாக்கி விட்டிருக்கிறீர்களா, டைரக்டர்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி, அவர்கள் கம்பெனியின் அன்றாட நிர்வாகத்தில் பொறுப்பாக இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களா என்பதை உங்கள் வக்கீலிடம் இன்றே கேளுங்கள். வழக்கு பிழைக்குமா என்பது அந்த வரிகளில்தான் இருக்கிறது.

9 லட்சம் செக்கில் சிக்கல் நாள் கணக்கில் இருக்கிறது. செக் திரும்புவதே குற்றமாகிவிடாது. நோட்டீஸ் கைக்குக் கிடைத்து 15 நாளுக்குள் பணம் தராமல் விட்டால்தான் குற்றம் முழுமையாகிறது. உங்கள் நோட்டீஸ் ஜூன் 6 அன்று சேர்ந்திருந்தால் அந்த 15 நாள் முடிவது ஜூன் 21. ஆனால் ஜூன் 10 அன்றே கம்பெனியின் வங்கிக் கணக்கு டைரக்டர் கையை விட்டுப் போய்விட்டது. அவர் நினைத்தாலும் கம்பெனிப் பணத்திலிருந்து தர முடியாது. செக் திரும்பிய பிறகு, ஆனால் 15 நாள் முடிவதற்கு முன்பே மொரட்டோரியம் வந்துவிட்ட விஷ்ணு மித்தல் வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் டைரக்டர் மேல் இருந்த வழக்கை ரத்து செய்தது. பத்து நாள் முன்னால் செக்கை வங்கியில் போட்டு உடனே நோட்டீஸ் விட்டிருந்தால் கதை மாறியிருக்கும். ‘இந்த வாரம் போடாதீங்க, அடுத்த வாரம் போடுங்க’ என்று கேட்கும்போது ஒத்துக்கொள்வதில் இருக்கும் உண்மையான நஷ்டம் இதுதான். இதுபோக, டைரக்டர் யாராவது உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள். ஜாமீன்தாரரை இந்த மொரட்டோரியம் காப்பதில்லை.

இப்போது பணம். வரிசையைச் சொல்வது சட்டத்தின் 53-வது பிரிவு. வெறும் வரிசையாகச் சொன்னால் மனசில் நிற்காது. கணக்குக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். கம்பெனியை விற்றால் 22 கோடி தேறுகிறது. தீர்வு, லிக்விடேஷன் செலவு 2 கோடி. தொழிலாளருக்கு 24 மாதத்துக்குள் வரவேண்டிய பாக்கி 1 கோடி. ஈடு வைத்திருக்கும் வங்கிக்கு 39 கோடி. ஆபீஸ் ஊழியர் சம்பளம் 60 லட்சம். ஈடில்லாத நிதிக்கடன் 5 கோடி. அரசு வரி 3 கோடி. உங்களைப் போல நூல், சாயம், எலாஸ்டிக், அட்டைப்பெட்டி கொடுத்தவர்களுக்கு எல்லாம் சேர்த்து 6 கோடி.

தொழிலாளரின் பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிப் பணம் இந்த வரிசைக்கே வராமல் தனியே ஒதுக்கப்படும். பிறகு 22 கோடியில் முதலில் 2 கோடி செலவு முழுதாகப் போகும். மீதி 20 கோடி. அடுத்த படியில் தொழிலாளரும், ஈட்டை விட்டுக்கொடுத்து இந்த வரிசைக்குள் வந்த வங்கியும் சமமாக நிற்கிறார்கள். 1 கோடியும் 39 கோடியும் சேர்ந்து 40 கோடி, இருப்பதோ 20. ஆகவே ரூபாய்க்கு 50 பைசா. தொழிலாளருக்கு 50 லட்சம், வங்கிக்கு 19.5 கோடி. பெட்டி காலி.

அதற்குக் கீழே நிற்பவர்கள் வரிசைப்படி இவர்கள்: ஊழியர்களின் 12 மாதச் சம்பளம், ஈடில்லாத நிதிக்கடன், அரசின் 2 ஆண்டு வரி, அதன் பிறகு ‘மற்ற எல்லாக் கடன்களும்’. நீங்கள் அந்தக் கடைசிச் சொல்லுக்குள் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கீழே பங்குதாரர்கள் மட்டும்தான். இந்தக் கம்பெனி 50 கோடியே 60 லட்சத்துக்கு மேல் விலை போனால்தான் முதல் ரூபாய் உங்கள் படிக்கு இறங்கும்.

அந்த 5 கோடி ஈடில்லாத நிதிக்கடனில் டைரக்டரின் மச்சான், சித்தப்பா கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்ததாக எழுதிய பணமும் இருக்கலாம். உறவுக்காரர் என்பதால் கடன் கொடுத்தோர் குழுவில் அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் 53-வது பிரிவின் எழுத்துப்படி வரிசையில் அவர்கள் உங்களுக்கு மேலே நிற்கிறார்கள். நூலைக் கொடுத்து ஆர்டரை ஓட்டியவன் கீழே, பணம் கொடுத்த பங்காளி மேலே. இது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். பல தீர்வுத் திட்டங்களில் உறவுக்காரர் கடனுக்கு ஒன்றுமே ஒதுக்காமல் விடுகிறார்கள் என்பது ஓரளவு ஆறுதல்.

லிக்விடேஷனுக்குப் போகாமல் ஒருவர் 28 கோடி தந்து கம்பெனியை எடுத்துக்கொள்கிறார் என்றால்? குழுவில் 66 சதவீத ஓட்டு விழுந்தால் திட்டம் நிறைவேறும். சரக்கும் சேவையும் கொடுத்தவர்களுக்குச் சட்டம் ஒரு குறைந்தபட்சப் பாதுகாப்புத் தருகிறது. லிக்விடேஷனில் கிடைத்திருக்கக்கூடியது, அல்லது திட்டத் தொகையையே 53-வது பிரிவு வரிசையில் பிரித்தால் கிடைப்பது, இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையக் கூடாது. கேட்க நன்றாக இருக்கும். நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். முதல் வழியில் உங்களுக்குப் பூஜ்யம். இரண்டாவது வழியில் 28-ல் 2 போக 26 கோடி. அது 40 கோடிக்குப் பிரிந்தால் ரூபாய்க்கு 65 பைசா, அங்கேயே தீர்ந்துவிடும். மறுபடியும் பூஜ்யம். ஆகவே சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்சம் பூஜ்யம்தான். அதற்கு மேல் தருவது வாங்க வருபவரின் விருப்பமும் குழுவின் சம்மதமும். நூலும் சாயமும் இனிமேலும் வேண்டும் என்பதால் பெரும்பாலும் ஏதோ ஒன்று ஒதுக்குவார்கள். 6 கோடிக்கு 15 லட்சம் ஒதுக்கினால் அது இரண்டரை சதவீதம், உங்கள் 38 லட்சத்துக்கு 95,000 ரூபாய். ஒதுக்கியது எவ்வளவானாலும், அதை நிதிக்கடன்காரர்களுக்கு முன்னால் உங்களுக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தொகை சின்னது, ஆனால் காத்திருக்க வைக்க முடியாது.

ஒரு வழி பலர் பயன்படுத்துவதில்லை. சரக்கும் சேவையும் கொடுத்தவர், தொழிலாளர், அரசு எல்லாரின் பாக்கியும் சேர்ந்து மொத்தக் கடனில் 10 சதவீதத்தைத் தொட்டால், அவர்கள் சார்பில் ஒருவர் குழுக் கூட்டத்தில் உட்காரலாம். ஓட்டு இல்லை. ஆனால் பேசலாம், திட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஓட்டுக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். நம் கணக்கில் 54.6 கோடியில் 10.6 கோடி, கிட்டத்தட்ட 19 சதவீதம். திருப்பூரில் நூல்காரரும் சாயக்காரரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தான். சேர்ந்து ஒருவரை அனுப்புங்கள். ‘இனி இந்தக் கம்பெனிக்கு நூல் வேண்டுமா’ என்ற கேள்வியை எதிரே உட்கார்ந்து கேட்கும்போது ஒதுக்கும் தொகை உயர இடம் உண்டு.

எதுவும் வர வேண்டுமானால் உரிமை கோரல் கொடுத்திருக்க வேண்டும். தீர்வு வல்லுநர் பத்திரிகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புப் போட்டிருப்பார். ibbi.gov.in தளத்திலும் இருக்கும். அவர் நியமனமான நாளிலிருந்து 14 நாள் கெடு. தவறினாலும் காரணம் சொல்லிக் கொடுக்கலாம். தீர்வு தொடங்கி 90 நாள், அல்லது வாங்க வருபவர்களிடம் திட்டம் கேட்டு அழைப்பு விடும் நாள், இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுவரை நேரம் உண்டு. அதன் பிறகு கதவு பெரும்பாலும் அடைந்துவிடும். தீர்ப்பாயம் ஒப்புக்கொண்ட திட்டத்தில் இல்லாத கடன் அழிந்துபோனது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பின்னால் புது முதலாளியிடம் போய்ப் பழைய பில்லைக் காட்டிப் பயனில்லை.

படிவத்தோடு பில், இ-வே பில், ஜி.எஸ்.டி.ஆர்-1, 3பி பகுதிகள், வங்கி ஸ்டேட்மென்ட், லெட்ஜர் வையுங்கள். தொகை ஜூன் 10 வரைக்கும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. உங்கள் லெட்ஜரில் 38 லட்சம், அவர்கள் லெட்ஜரில் 31 லட்சம் என்று இருக்கும். நடுவில் இருப்பது டெபிட் நோட்: துணியில் கோடு விழுந்தது, கவுண்ட் மாறியது என்று அவர்கள் தாங்களாகவே கழித்தது. உங்களுக்கு அனுப்பாமலே பதிந்திருப்பார்கள். ஆர்.பி. பார்ப்பது கம்பெனிப் புத்தகத்தை. ஆகவே கம்பெனிக் கணக்காளரிடமிருந்து உங்கள் லெட்ஜர் நகலைக் கேட்டு வாங்கி, ஒத்துக்கொள்ளாத டெபிட் நோட் ஒவ்வொன்றுக்கும் அந்த லாட்டின் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் அப்போது போன வாட்ஸ்அப், மெயில் நகலையும் படிவத்தோடு சேருங்கள். குறைத்து ஏற்றால் தீர்ப்பாயத்தில் கேட்கலாம்.

வட்டியும் கேட்கலாம். நீங்கள் உற்பத்தியாளர். நூல் போட்ட காலத்திலேயே உத்யம் பதிவு இருந்திருந்தால், குறு, சிறு தொழில் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. நூல் வாங்கி விற்கும் டீலருக்கு இந்தச் சலுகை இல்லை. வட்டி சேர்ந்தால் ஏற்கப்படும் தொகை பெரிதாகும், அதே இரண்டரை சதவீதம் பெரிய தொகைக்கு விழும். அதே சட்டத்தின் கவுன்சிலில் வழக்குப் போட்டிருந்தால் அதுவும் கம்பெனிக்கு எதிராக இப்போது நிற்கும்.

கட்டிங் வேஸ்ட் 5 லட்சத்தைக் கழித்துக்கொண்டு 33 லட்சத்துக்குக் கோரல் கொடுக்கலாம் என்று தோன்றும். தீர்வு நடக்கும்போது அப்படிக் கழிக்க முடியாது என்பது 2024 ஜனவரியில் பார்தி ஏர்டெல் வழக்கில் வந்த தீர்ப்பு. 38 லட்சத்துக்கு நீங்கள் வரிசையில் நிற்க வேண்டும், 5 லட்சத்தை ஆர்.பி.க்கு ரொக்கமாகக் கட்ட வேண்டும். விதிவிலக்கு உண்டு. வேஸ்ட் பணத்தை நூல் பாக்கியில் நேர் செய்வது என்று ஜூன் 10-க்கு முன்பே ஒப்பந்தம் இருந்து, அது அமலுக்கும் வந்திருந்தால் கழிக்கலாம். பர்சேஸ் ஆர்டரிலோ மெயிலிலோ அப்படி ஒரு வரி இருக்கிறதா, முந்தின மாதங்களில் அப்படி நேர் செய்த பதிவு லெட்ஜரில் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த ஒரு வரிக்கு மதிப்பு 5 லட்சம். கம்பெனி லிக்விடேஷனுக்குப் போய்விட்டால் இரு பக்கக் கணக்கையும் கழிக்க விதி இடம் தருகிறது.

கடைசியாகப் புது நூல். ஆர்.பி. கம்பெனியை ஓட்டுவதற்காக வாங்கும் சரக்கின் விலை தீர்வுச் செலவு. மேலே கணக்கில் முதலில் முழுதாகப் போன அந்த 2 கோடிக்குள் அது வரும். வங்கிக்கும் முன்னால். கம்பெனியை ஓட்ட உங்கள் நூல் கட்டாயம் தேவை என்று ஆர்.பி. முடிவு செய்தால் நீங்கள் பழைய பாக்கியைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது. ஆனால் மொரட்டோரியக் காலத்தில் போட்ட சரக்குக்கு அவர் பணம் தராவிட்டால் நிறுத்தலாம் என்று அதே 14-வது பிரிவு சொல்கிறது. ‘பழைய பாக்கியில் கொஞ்சம் தந்தால்தான் லோடு ஏறும்’ என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் தர முடியாது, தந்தால் அவருக்கும் உங்களுக்கும் ஆபத்து.

இது எங்கே கெடுகிறது என்றால், பழைய பர்சேஸ் மேனேஜர் வழக்கம்போல் போன் செய்வார், பழைய ஆர்டர் நம்பரிலேயே நூல் போகும். உங்கள் ஆபீஸில் டேலியில் அதே லெட்ஜரில் பில் ஏறும். ஆர்.பி. அனுப்பும் பணத்தை உங்கள் கணக்காளர் பழக்கப்படி மிகப் பழைய பில்லுக்கு வரவு வைப்பார். இப்போது காகிதத்தில் பழைய பாக்கி குறைந்திருக்கும், புது நூலுக்குப் பாக்கி நிற்கும். நீங்கள் ஏற்கெனவே கொடுத்த கோரலும் இந்த லெட்ஜரும் ஒத்துப்போகாது. ‘இது தீர்வுச் செலவு’ என்று பின்னால் நிரூபிக்கப் படாத பாடு படுவீர்கள்.

ஆகவே ஜூன் 10 தேதியோடு பழைய லெட்ஜரை அடைத்துவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்குங்கள். கம்பெனிப் பெயரோடு, தீர்வு நடவடிக்கையில் இருக்கிறது என்ற குறிப்பும் சேர்த்து ஆர்.பி. கையெழுத்திட்ட புது பர்சேஸ் ஆர்டர் வாங்குங்கள். அதில் இது தீர்வுக்காலத் தேவைக்கான கொள்முதல் என்றும், பணம் எத்தனை நாளில் என்றும் இருக்க வேண்டும். தீர்வுச் செலவு முன்னால் நிற்கிறது என்றாலும், அந்தச் செலவுக்கே கையில் பணம் இல்லாத கம்பெனிகளும் உண்டு. அதனால் 60 நாள் கடனெல்லாம் வேண்டாம். லோடுக்கு முன் பணம், முடியாவிட்டால் வாரக் கணக்கு. ஒரு வாரப் பணம் நின்றால் அடுத்த வார லோடை நிறுத்தி, நிறுத்திய காரணத்தை அன்றே மெயிலில் எழுதிவிடுங்கள்.